யாழ்ப்பாணத்தில் கர்ப்பகால ஸ்கான்: ரிப்போட்டைத் தமிழில் எழுதிக்கொடுத்த அனுபவம்

யாழ்ப்பாணத்தில் தனியார் இடங்களில் எடுக்கும் ஸ்கான் ரிப்போட் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கைக்கு வரும். வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவரிடம் வீட்டார் அதை நீட்டி, "என்ன போட்டிருக்கு எண்டு சொல்லுங்கோ" என்பார்கள். வாயால் சொல்வது போதாது. தாயும் மாமியும் பிறகும் எடுத்துப் பார்க்கத் தமிழில் எழுதிக்கொடுப்பதே நல்லது.

நாங்கள் எழுதிய ரிப்போட் ஒன்றில் GA 31w4d என்று இருந்தது. இது 31 கிழமை 4 நாள். 31.4 கிழமை என்று எழுதினால் ஒரு நாள் பிசகும். 'கருத்தரித்து இத்தனை கிழமை' என்பதும் பிழை, ஏனென்றால் இந்தக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. கருத்தரிப்பு ஏறக்குறைய இரண்டு கிழமை கழித்தே நடக்கிறது. 'கர்ப்பகாலம், கடைசி மாதவிலக்கிலிருந்து' என்று எழுதினோம்.

ஆனால் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கானின்படி அன்றைக்கு 33 கிழமை ஆகியிருக்க வேண்டும். பத்து நாள் வித்தியாசம். பிரசவத் திகதி பின்தள்ளிப் போய்விட்டது என்று வீட்டார் நினைத்தார்கள். அப்படியல்ல. கடைசி மூன்று மாதத்தில் மெசின் காட்டும் கிழமை, பிள்ளையின் தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளிலிருந்து கணிப்பது. அது இரண்டு மூன்று கிழமை கூடக் குறைய வரலாம். திகதிக்கு முதல் ஸ்கானே ஆதாரம். அதனால் தமிழில் 'அளவின்படி 31 கிழமை 4 நாள், முதல் ஸ்கானின்படி 33 கிழமை' என்று இரண்டையும் எழுதி, 'வளர்ச்சி போதுமா என்று டொக்டரிடம் கேட்கவும்' என்று சேர்த்தோம். அந்தப் பத்து நாள் வளர்ச்சி பற்றிய கேள்வி. அதை மறைத்துவிடக் கூடாது.

பிரெசென்டேஷன் என்ற இடத்தில் செபாலிக் என்று இருந்தது. 'தலைகீழ்' என்று எழுதினால் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுவார்கள். 'பிள்ளையின் தலை தாயின் இடுப்பெலும்புப் பக்கம் இருக்கிறது, இதுவே வழமை' என்று எழுத வேண்டும். தலை இறங்கிவிட்டது என்றும் எழுதக்கூடாது, அது வேறு விசயம். பிரீச் என்றிருந்தால் 'பிருட்டம் கீழே'. 33 கிழமையில் அப்படியிருந்தாலும் பிள்ளை திரும்ப இன்னும் காலமிருக்கிறது.

லிக்கர் என்பது பன்னீர்க்குடத் தண்ணீர். இங்கேதான் வீண் கலவரம் கூட. முந்திய ரிப்போட்டில் AFI 12, இந்த ரிப்போட்டில் DVP 5. தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது என்று தோன்றும். முதலாவது வயிற்றை நாலாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியிலும் அளந்த ஆழங்களின் கூட்டுத்தொகை. 5 முதல் 25 சென்ரிமீற்றர் வரை வழமை. இரண்டாவது ஆகக்கூடிய ஒரே ஒரு ஆழம். 2 முதல் 8 வரை வழமை. இரண்டையும் ஒப்பிட முடியாது. எந்த முறையில் அளந்தது என்பதைத் தமிழிலும் எழுத வேண்டும். மில்லிலீற்றர் என்று எழுதவே கூடாது.

இந்த இலக்கம் ஸ்கான் எடுத்த நேரத்துக்கு மட்டுமே. பிறகு தண்ணீர் கசிந்தால் ரிப்போட்டில் 'போதுமானது' என்றிருக்கிறதே என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையும் தமிழ்த் தாளின் அடியில் எழுதி, ஆங்கிலப் பிரதியோடு சேர்த்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தோம்.