வண்ணச் சக்கரமா, ஏழு கட்டப் பட்டையா?

நிறம் கலக்கும் பாடத்துக்குப் பெரும்பாலும் வண்ணச் சக்கரம்தான். பார்க்க அழகு, ஆரஞ்சு, பச்சை, ஊதா மூன்றும் ஒரே தாளில் வந்துவிடும், ஆனால் மதிப்பெண் போட உட்கார்ந்தால் 'பச்சை வந்ததா' என்பதற்கு மேல் கேட்க அதிகம் இல்லை.

எனக்கு மஞ்சளில் தொடங்கி, கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, நீலத்தில் முடியும் ஏழு கட்டப் பட்டைதான் பிடிக்கும். இரண்டையும் சரிபாதி கலக்கும் பிள்ளைக்கு இரண்டாம் கட்டமே நீலப்பச்சையாகிவிடும், அப்புறம்தான் மஞ்சளில் தூரிகை நுனியளவு நீலம் தொட்டால் போதும் என்பது கைக்குப் புரியும். மதிப்பிட மூன்றே கேள்வி: அடுத்தடுத்த கட்டங்கள் வேறுபட்டுத் தெரிகின்றனவா, நடுவில் எங்கேனும் தாவல் இருக்கிறதா, பச்சை பழுப்படித்திருக்கிறதா? பழுப்படித்தால் பெரும்பாலும் சிவப்பு தொட்ட தூரிகையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்கள். வகுப்பு முழுக்கவே அப்படி என்றால் நீலத்தை மாற்றிப் பாருங்கள், ஊதா சாயலுள்ள நீலம் மங்கிய பச்சையைத்தான் தரும்.