ஆர்ம்ரெஸ்ட் மடங்கும் வீல்சேர்: டர்பன் கடற்காற்றில் சில வருடங்கள்

இடப்பக்க ஆர்ம்ரெஸ்ட்டின் கொக்கியை மறுபடியும் மாற்றியாயிற்று. காசு கொடுத்த எரிச்சல் ஆறுவதற்குள், இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் போன் பண்ணினார். "அக்கா, உங்க வண்டி மாடல் விலை குறைஞ்சிருக்கு. வீட்டுக்காரிக்கு வாங்கலாமா? அவளை வெளியே சாப்பிடக் கூட்டிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு." அவருக்காக எழுதுகிறேன். கொஞ்சம் காரம் இருக்கும்.

இந்த வண்டியில் எனக்கு உயிர் அந்த ஆர்ம்ரெஸ்ட்தான். பின்பக்கமாகத் தூக்கினால் மடங்கிக்கொள்ளும். பழைய வண்டியில் மடங்காது. குஷனோடு என் இருக்கை தரையிலிருந்து 53 செ.மீ., அதற்கு மேல் ஆர்ம்ரெஸ்ட் 23, மொத்தம் 76. ஓட்டல் மேசை சுமார் 75 உயரம், பலகையின் அடிப்பக்கம் 71 இருக்கும். அப்புறம் எப்படி உள்ளே போவது? ஆர்ம்ரெஸ்ட் விளிம்பில் முட்டி, நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரர் ரகசியமாக ஏதாவது சொன்னால் பக்கத்து மேசைக்குத்தான் முதலில் கேட்கும். நடுவைக் குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் பன்னி சாவ் வாங்கினால் அதைவிட மோசம். கையால் பிய்த்துச் சாப்பிடும் பண்டம், மட்டன் குழம்பு பாதி மடியில்தான் சொட்டும்.

இப்போது மடக்கிவிட்டு நேராக உள்ளே போகிறேன். தொடை உயரம் 67தான், 71-க்குள் அடங்கிவிடுகிறது. இதில் எதிர்பாராத ஒரு லாபம். என்னைப் போல இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர்கள் அரை மணிக்கு ஒருமுறையாவது உட்காரும் எலும்பின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும். மேசை கிட்டே இருப்பதால் முழங்கைகளை ஊன்றி இரண்டு நிமிடம் நன்றாக முன்னால் சாய்ந்து கொள்கிறேன். பார்க்கிறவர்களுக்குக் காதல் பேச்சு. அவருக்குத் தெரியும், அந்த நேரத்தில்தான் தன் ஆபீஸ் கதையை நீட்டுவார்.

எல்லா மேசையும் ஒத்துவராது. பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டம் தொங்கினால் தொடை இடிக்கும். நடுவில் ஒற்றைக் கால் வைத்த மேசையில் அடித்தட்டு ஃபுட்ரெஸ்ட்டைத் தடுக்கும். அதனால் போனில் "வீல்சேர் வருமா" என்று கேட்பதையே விட்டுவிட்டோம். எல்லோரும் "வரும், நாங்க தூக்கி விடுவோம்" என்பார்கள். வாசலையும் மேசையின் அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம். அனுப்பாத இடத்துக்குப் போவதில்லை.

கடற்கரை நடைபாதையில் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவும் இதேதான் வழி. வண்டியைப் பெஞ்சுக்குச் சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, ஃபுட்ரெஸ்ட்டை விலக்கி, பெஞ்சுப் பக்க ஆர்ம்ரெஸ்ட்டைத் தூக்கி நகர்ந்து விடுவேன். குஷனும் என்னோடு பெஞ்சுக்கு வந்துவிடும், வெறும் பலகையில் உட்காரக் கூடாது.

இனி திட்டு. முன்பக்கக் குழியில் ஆர்ம்ரெஸ்ட்டைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் கொக்கி உப்புக் காற்றில் துருப்பிடிக்கிறது. முதலில் கடகடவென்று ஆடும். அப்புறம் அழுத்தினாலும் 'டிக்' சத்தம் வராது. அந்தச் சத்தம் நின்றால் பூட்டவில்லை என்று அர்த்தம். இதில் ஆபத்தும் இருக்கிறது. உம்ஹ்லாங்கா பக்கம் ஓர் உணவகத்தில் இரண்டு படி. நல்ல மனசோடு ஓடி வந்த பையன் ஆர்ம்ரெஸ்ட்டைப் பிடித்துத் தூக்கினான், அது மட்டும் அவன் கையோடு மேலே போனது. வீட்டுக்காரர் பின்னால் பிடித்திருந்ததால் தப்பினேன். கொக்கி புதிதாக இருந்தாலும் அங்கே பிடிக்கவே கூடாது. பின்னால் தள்ளும் பிடி, முன்னால் கழற்ற முடியாத சட்டம், இந்த இரண்டுதான். இப்போதெல்லாம் யாராவது கை நீட்டுமுன் நானே இடத்தைத் தொட்டுக் காட்டுகிறேன்.

கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கோன் ஸ்பிரே அடிக்கிறோம். சாதாரண எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும். இத்தனை செய்தும் கொக்கி போகிறது. கடலோர ஊரில் விற்கும் பொருளுக்கு ஒரு துருப்பிடிக்காத கொக்கி வைக்க முடியாதா? இதற்கு இந்த விலை அநியாயம், குறைத்த விலையும் அநியாயம். எனக்கு அடுத்த வண்டியும் இதேதான்.

தம்பிக்கு மட்டும் வேண்டாம் என்றேன். அவர் மனைவி எழுந்து நிற்கக் கூடியவர், முழங்கால்தான் பிரச்சினை. அப்படிப்பட்டவர்கள் ஆர்ம்ரெஸ்ட்டின் முன் நுனியை அழுத்தித்தான் எழுவார்கள். இந்த மாடலில் அது குட்டை, நுனி இருக்கைக்குப் பாதியிலேயே முடிந்துவிடும், கை பின்னால் போய்விடும். முழு நீள ஆர்ம்ரெஸ்ட் உள்ள வண்டி வாங்கட்டும். ஓட்டலில் அவர் எழுந்து சாதாரண நாற்காலிக்கு மாறிக்கொள்ளலாம். கை வைத்த நாற்காலியாக, கொஞ்சம் உயரமானதாகக் கேட்டு வாங்கச் சொன்னேன். சோபா போட்ட மூலை மேசை அழகாக இருக்கும், அதிலிருந்து அவரால் எழ முடியாது.