21 எம்பி ஸ்கேன்: இணைப்பாகவா, லிங்க்காகவா?

சென்னை மண்ணடியிலும் லிங்கிச் செட்டி தெருவிலும் உள்ள சுங்க கிளியரிங் அலுவலகங்களில் தினமும் நடக்கும் வேலை இது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், சான்றிதழ்கள் எல்லாம் சேர்த்து 42 பக்கம். கலரில் 300 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்தால் ஒரே பிடிஎஃப், 21 எம்பி. கம்ப்யூட்டரில் இருக்கும் அவுட்லுக்கில் இணைத்தால், சாதாரண மெயில் கணக்குகளுக்கு அதன் வரம்பு 20 எம்பி என்பதால் உடனே மறுத்துவிடும். இது நல்ல மறுப்பு, அங்கேயே தெரிந்துவிடுகிறது.

தொல்லை ஜிமெயிலில்தான். அதன் வரம்பு 25 எம்பி. 21 எம்பி கோப்பை முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டு "Message sent" என்று காட்டும். சிறிது நேரம் கழித்து இறக்குமதியாளரின் கம்பெனி சர்வரிலிருந்து இப்படி ஒரு வரியோடு மெயில் திரும்பி வரும்:

```
552 5.3.4 Message size exceeds fixed limit
```

அந்த சர்வரின் வரம்பும் 25 எம்பிதான் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஏன் மறுக்கிறது? மெயிலில் கோப்பு அப்படியே போவதில்லை. பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாறித்தான் போகும். ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகிறது, வரி முறிவுகளும் சேரும். 21 எம்பி வழியில் கிட்டத்தட்ட 29 எம்பி ஆகிவிடுகிறது. ஜிமெயில் தன் 25-ஐ மாற்றத்துக்கு முன் உள்ள கோப்பின் அளவில் கணக்கிடுகிறது. பல கம்பெனி சர்வர்கள் மாறிய பின் மொத்த மெயிலையும் எடைபோடுகின்றன. 25 எம்பி வரம்புக்குள் போக கோப்பு 18 எம்பிக்கு மேல் இருக்கக்கூடாது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரை நிறுவி யாரும் தொடாமல் விட்டிருந்தால் வரம்பு 1,02,40,000 பைட் மட்டுமே. அதில் 7 எம்பி கோப்பு போகும், 8 எம்பி போகாது.

இணைப்பாகவே அனுப்புவதென்றால் ஸிப் செய்வதில் பலன் இல்லை. ஸ்கேன் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, 21 எம்பி ஸிப்பிலும் ஏறக்குறைய 21 தான். பலன் தருவது மறு ஸ்கேன். 200 டிபிஐ, கிரே என்று வைத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கும். 42 பக்கமும் சுமார் 9 எம்பிக்குள் அடங்கும். 10 எம்பி வரம்புள்ள சர்வராக இருந்தால் இதுவும் தாண்டும். அப்போது இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் ஒரு மெயிலில், மற்றவை இன்னொன்றில். காகிதம் கையில் இல்லையென்றால் பிடிஎஃப்பைச் சுருக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் உண்டு, கட்டளை இது:

```
gs -sDEVICE=pdfwrite -dPDFSETTINGS=/ebook -o small.pdf big.pdf
```

இது படங்களை 150 டிபிஐக்கு இறக்கும். அச்செழுத்து தெளிவாகவே இருக்கும். ரப்பர் ஸ்டாம்பின் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கூகுள் டிரைவ் லிங்க்குக்கு இந்த எடைத் தொல்லை எதுவும் கிடையாது. மெயில் சில கேபிதான். 25 எம்பி தாண்டினால் ஜிமெயிலே லிங்க்காக மாற்றிவிடும். இதில் தவறுவது ஒரே இடத்தில், அனுமதியில். புதிதாக ஏற்றிய கோப்பு "Restricted" நிலையில்தான் இருக்கும். பெறுபவர் திறந்தால் "You need access" என்று வரும், அவர் கேட்கும் அனுமதி நம் மெயில்பெட்டியில் கிடக்கும், அதற்குள் மாலை ஆகிவிடும். Share என்பதில் போய் General access-ஐ "Anyone with the link", "Viewer" என்று மாற்றவேண்டும். மாற்றியபின் லிங்க்கை மறைநிலை ஜன்னலில் திறந்து பாருங்கள். லாகின் கேட்காமல் பக்கம் தெரிந்தால்தான் மாற்றம் சரியாகியிருக்கிறது. பெறும் அலுவலகம் டிரைவையே தடுத்து வைத்திருந்தால் மட்டும் இதுவும் காப்பாற்றாது.

லிங்க் கிடைத்தவர் யாராக இருந்தாலும் திறக்கலாம் என்பதால், வேலை முடிந்ததும் அதே இடத்தில் "Restricted" என்று திருப்பி வைக்கவேண்டும். மெயிலைப் பார்வர்ட் செய்வது கை தவறி நடப்பதுதானே.

இரண்டில் எது என்பதற்கு அளவைவிட முக்கியமானது ஒன்று உண்டு. டிரைவில் "Manage versions" வழியாகத் திருத்திய இன்வாய்ஸை ஏற்றினால் லிங்க் மாறாது, உள்ளே இருப்பது மாறிவிடும். இன்னும் திருத்தம் நடக்கும் வரைவுக்கு அது வசதி. இறுதியாக ஒப்புக்கொண்ட தாளுக்கு அதுவே வில்லங்கம்: நேற்று அவர் பார்த்தது எது என்று நாளை நிரூபிக்க முடியாது, கோப்பை நாம் அழித்தால் அவரிடம் ஒன்றுமே இருக்காது. அதனால் வரைவு நிலையில் லிங்க், இறுதித் தாளுக்குச் சுருக்கிய இணைப்பு. இறுதித் தாள் எப்படிச் சுருக்கியும் அடங்கவில்லையென்றால் லிங்க்கையே அனுப்பி, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, "இறக்கி வைத்துக்கொண்டு பக்க எண்ணிக்கையோடு பதில் போடுங்கள்" என்று மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.