கார்டில் ஏறிய பணம், கல்லாவில் இல்லாத பணம்: ரெண்டு வருட அனுபவம்

ஆரணியில் ஸ்வீட் கடை வைத்திருக்கும் நண்பன் போன வாரம் போன் பண்ணினான். "மச்சான், உன் கடையில இருக்கே, ஆயிரம் ரூபா கட்டினா ஆயிரத்து நூறுக்குச் சாப்பிடலாம்னு, அதை நானும் போடட்டுமா?" போனில் சொன்னது போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காட்பாடியில் எங்கள் டிபன் கடை. பாதிக்கு மேல் காலேஜ் பசங்க. ரெண்டு வருடம் முன்னால் பில்லிங் சாஃப்ட்வேரோடு சேர்த்து இந்த ப்ரீபெய்டு கார்டையும் வாங்கினேன். மெஷின் மேல் குறையே கிடையாது. போன் நம்பரைச் சொன்னால் பேலன்ஸ் வந்துவிடும், சாயந்திரக் கூட்டத்தில் சில்லறைக்கு நிற்க வேண்டியதில்லை.

முதல் ஜூலையில் 120 கார்டு போனது. ஒரே மாதத்தில் 1,20,000 ரூபாய் கைக்கு வந்தது. அதில் 80,000-க்கு ஃப்ரீசர் வாங்கினேன், மீதி பழைய பாக்கிக்குப் போனது. அப்போது எனக்குப் புரியாதது ஒன்று: அது விற்பனைப் பணமே இல்லை, கடன். நான் 1,32,000 ரூபாய்க்குச் சமைத்துப் போட வேண்டிய கடன். எங்கள் கடையில் நூறு ரூபாய் பில்லுக்குச் சரக்கு மட்டும் 45 ரூபாய் ஆகும். ஆக 59,400 ரூபாய்க்குக் காய்கறி, பால், எண்ணெய் வாங்கித்தான் அந்தக் கடனைத் தீர்க்க முடியும்.

செப்டம்பரில் ஒரு நாள் நோட்டில் அப்படியே இருக்கிறது. மொத்த பில் 9,200. அதில் கார்டு 4,100, கையில் வந்தது 5,100. அன்றைய சரக்கு 4,140, ஆள் கூலி 1,900. கடை நிரம்பி வழிந்த நாளில் 940 ரூபாய் துண்டு விழுந்தது. நேதாஜி மார்க்கெட் வியாபாரியிடம் போய்க் கார்டில் பணம் இருக்கிறது என்றா சொல்ல முடியும்?

லாபக் கணக்கு இதைவிட நுணுக்கம். 1,100 ரூபாய் சாப்பாட்டில் சரக்கு, கூலி, வாடகை, கேஸ் எல்லாம் போக எனக்கு நிற்பது 165. அதில் நூறை போனஸாகக் கொடுத்துவிட்டால் 65. பத்து சதவீதம்தானே என்று கொடுத்தது லாபத்தில் பாதிக்கும் மேல் தின்றுவிடுகிறது. ஆனால் கார்டு இருப்பதாலேயே கூடுதலாக வந்து சாப்பிடுகிறவர் என்றால் கணக்கு மாறும். வாடகையும் கூலியும் எப்படியும் கொடுத்தே ஆக வேண்டியவை. சரக்கு 495 போக 505 ரூபாய் மிச்சம்.

ஆகவே யார் வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. முந்தைய செமஸ்டர் பில்களில் இருந்த போன் நம்பர்களோடு ஒத்துப் பார்த்தேன். 120 பேரில் 80 பேர் ஏற்கெனவே தினமும் வருகிறவர்கள். மீதி 40 பேரில் பாதிப் பேராவது கார்டு இல்லாமலும் வந்திருப்பார்கள் என்று வைத்தேன். நூறு பேரிடம் நூறு நூறாக 10,000 போனது, இருபது பேரால் 10,100 வந்தது. அத்தனை ஓட்டத்துக்கும் மிஞ்சியது நூறு ரூபாய்.

இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் ஒன்றுதான். இந்த சாஃப்ட்வேர் கட்டிய பணத்தையும் போனஸையும் ஒரே பேலன்ஸாகக் காட்டுகிறது, கழிக்கும்போது போனஸை முதலில் கழிக்கிறது. மே மாதம் ஃபைனல் இயர் பையன் ஒருவன் வந்து, "அண்ணா, ஊருக்குப் போறேன், மீதியைத் திருப்பிக் கொடுங்க" என்றான். சாப்பிட்டது நூறு ரூபாய்க்கு, ஸ்க்ரீனில் முழுசாக ஆயிரம் நிற்கிறது. கொடுத்தேன். அடுத்த நாள் அவன் நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள், அவர்களுக்கும் கொடுத்தேன். பசங்கமேல் தப்பில்லை. கட்டிய பணம் முதலில் கழிந்து போனஸ் கடைசியில் போயிருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது. கம்பெனிக்கு எத்தனையோ முறை போன் பண்ணிவிட்டேன், மாற்ற முடியாது என்கிறார்கள்.

நானே வழி பண்ணிக்கொண்டேன். கார்டில் இப்போது ஆயிரம் கட்டினால் ஆயிரம்தான். போனஸுக்குப் பதில் ஏழு டீக்கான சீட்டு, மதியம் மூன்று முதல் ஐந்து மணிக்குள் மட்டும். டீ 15 ரூபாய், எனக்கு அடக்கம் ஆறு ரூபாய். நூறு போன இடத்தில் 42 போகிறது, காலியாகக் கிடக்கும் நேரத்தில் ஆளும் வருகிறது. ஒவ்வொரு ஆயிரத்திலும் 450 ரூபாயைத் தனி பேங்க் அக்கவுண்டில் போட்டுவிடுகிறேன். கார்டில் கழியக் கழியத்தான் அதிலிருந்து எடுப்பேன்.

ரெண்டு பேர் கடைக்கும் ஒரே கார்டு போடலாமா என்றும் நண்பன் கேட்டான். வேண்டாம்டா. சொந்தக் கடையில் மட்டும் செல்லும் கார்டுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தேவையில்லை, அடுத்தவர் கடையிலும் செல்லும் என்றால் விஷயம் வேறு.

இப்போது எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது, வாடிக்கையாளர்களுக்கும் பிடித்திருக்கிறது. ஆனாலும் மச்சான், தீபாவளிக்கு முன்னால் நீ இதை ஆரம்பிக்காதே. அந்த ரெண்டு வாரத்தில் நெய்க்கும் முந்திரிக்கும் உனக்குக் கையில் காசு வேண்டும், அப்போது பார்த்து எல்லாரும் கார்டை நீட்டுவார்கள். நானும் இந்த மாதம் புதுக் கார்டு கொடுக்கவில்லை. இன்னும் 38,400 ரூபாய்க்குச் சமைத்துப் போட வேண்டியிருக்கிறது.