பில்லர் கம்பி வழியாக இடிதாங்கி: பத்து வருடம் கழித்து

திண்டுக்கல் பக்கம் மலையடிவாரத்தில் இரண்டு மாடி வீடு எங்களுடையது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி அதிகம். இடிதாங்கிக்கென்று சுவருக்கு வெளியே செம்புப் பட்டை இறக்காமல், நான்கு மூலைப் பில்லர்களின் கம்பியையே மின்னல் இறங்கும் வழியாக்கினோம். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பாரம் தாங்கும் டி.எம்.டி. கம்பியில் வெல்டிங் வைக்க இன்ஜினியர் சம்மதிக்கவில்லை. நியாயம்தான், சூட்டில் கம்பியின் பலம் குறையலாம். அதனால் ஒவ்வொரு மூலைப் பில்லரிலும் கூடுதலாக ஒரு 10 மி.மீ. கம்பியை ஃபுட்டிங்கிலிருந்து மொட்டைமாடி வரை தொடர்ச்சியாகக் கொண்டுபோனோம். ஒட்டு வரும் இடங்களில் 50 மி.மீ. நீளத்துக்குக் குறையாமல் அந்தக் கம்பிக்கு மட்டும் வெல்டிங். மற்ற கம்பிகளோடு கட்டுக்கம்பியால் ஆங்காங்கே கட்டியாயிற்று. மேலே, கைப்பிடிச்சுவரைச் சுற்றி ஓடும் பட்டையும் தண்ணீர்த் தொட்டியருகே நிற்கும் ராடும் இந்தக் கம்பிகளின் முனையில் இணைகின்றன.

பூச்சு வேலைக்கு முன்பே உச்சியிலிருந்து தரை வரை மின்தடை அளந்தோம். 0.2 ஓமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது இடிதாங்கிக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி. 62305. சாதா மல்டிமீட்டரின் ஒயரே அவ்வளவு காட்டிவிடும் என்பதால், நான்கு ஒயர் வைத்து அளக்கும் மீட்டரை வாடகைக்கு எடுத்தோம். சமீபத்தில் அளந்தபோதும் அளவு அப்படியேதான் இருந்தது. நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பதில்லை.

தாக்குப்பிடிக்காதது மண்ணுக்குள் இருந்த ஜி.ஐ. பைப். வீட்டு வயரிங்குக்கான எர்த் அது. அதையும் பில்லர் கம்பியோடு சேர்த்துக் கட்டத்தான் வேண்டும். இல்லாவிட்டால் இடி விழும் நேரத்தில் இரண்டுக்கும் இடையே பெரிய வோல்டேஜ் வந்துவிடும். ஆனால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு ஈர மண்ணில் கிட்டத்தட்ட செம்பைப் போலவே நடந்துகொள்ளும். அதோடு சேர்ந்த ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு, பேட்டரியின் தகடு மாதிரி கரைந்துபோகிறது. பூச்சு போனதும் இரும்பு. எர்த் பிட்டில் எலக்ட்ரீஷியன் கொட்டிய உப்பு அதை இன்னும் வேகப்படுத்தியது.

வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் இணைந்திருக்கும்போது அளந்தால், ஃபுட்டிங் கம்பியும் எர்த்தாக வேலை செய்வதால் அளவு நன்றாகவே காட்டும். மெயின் ஸ்விட்சை அணைத்து, இணைப்பைக் கழற்றி, பைப்பைத் தனியாக அளந்தபோதுதான் தடை ஏறியிருப்பது தெரிந்தது. தோண்டினால், மேல் பகுதி காகிதமாக மெலிந்திருந்தது. இப்போது செம்பு பூசிய ராடு போட்டிருக்கிறோம். துருப்பிடிக்காத எஃகும் சரிவரும்.

இன்னொன்று, இந்த ஏற்பாடு கட்டடத்தைத்தான் காக்கும். ஒருமுறை தெருக்கம்பத்தில் விழுந்த இடி, கரண்ட் லைன் வழியாக வந்து மோட்டார் ஸ்டார்ட்டரையும் இன்டர்நெட் பெட்டியையும் எரித்தது. இடிதாங்கி ராடுக்கு அதில் வேலையே இல்லை. அப்புறம்தான் மெயின் போர்டில், லைனில் வரும் திடீர் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் டைப் 1, டைப் 2 சேர்ந்த சர்ஜ் கருவி வைத்தோம். அதன் சிறு ஜன்னல் சிவப்பானால் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். பெரிய இடிமழை ஓய்ந்ததும் நான் முதலில் எட்டிப்பார்ப்பது அதைத்தான்.