பின் டயரில் பட்டன் இருந்தது, வளைவு போய்விட்டது: 14,000 கிலோமீட்டர் அனுபவம்

வாரா வாரம் சென்னையிலிருந்து விழுப்புரம் போய் வருகிறேன். வண்டி 250 சிசி, பின் டயர் 150/60-17. பெரும்பாலும் நேரான நான்குவழிச் சாலை, 95 கிலோமீட்டர் வேகம். 14,000 கிலோமீட்டர் ஓடியபோதும் பட்டன் பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேடு வெளியே தெரியவில்லை. டயர் இன்னும் தாங்கும் என்றுதான் நினைத்தேன்.

கொல்லிமலை போனபோதுதான் விஷயம் புரிந்தது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி முதலில் சாய மறுத்தது. ஹேண்டிலை அழுத்தித் தள்ளினால் ஓர் இடத்தைத் தாண்டியதும் சட்டென்று விழுவதுபோல் சாய்ந்தது. பாதி வளைவில் கொஞ்சம் நிமிர்த்தினால் மறுபடி அதே குதிப்பு. ஒரு வளைவில் லேசான மணல் கிடந்தது. அங்கே பின்சக்கரம் ஒரு சாண் நகர்ந்தது. அதற்கப்புறம் ஊர்ந்துதான் ஏறினேன்.

இறங்கி வந்ததும் ஒரு ஸ்டீல் ஸ்கேலை டயரின் குறுக்கே வைத்துப் பார்த்தேன். புது டயரில் ஸ்கேல் நடுவில் மட்டும் தொடும், இரு பக்கமும் இடைவெளி தெரியும். என் டயரில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குப் படிந்து உட்கார்ந்தது. ஓரங்களில் ரப்பர் புதுசு மாதிரியே இருந்தது. நேர்சாலையில் எப்போதும் நடுப்பகுதிதான் தரையில் இருக்கிறது, எஞ்சின் இழுவையும் அதன் மேலேயே விழுகிறது. அதனால் நடு மட்டும் தட்டையாகி, இரண்டு பக்கமும் விளிம்பு கட்டிவிடுகிறது. சாயும்போது வண்டி அந்த விளிம்பின் மேல் ஏறி இறங்க வேண்டும். ஏறும் நேரத்தில் தரையைத் தொடுவது ஒரு மெல்லிய பட்டை ரப்பர்தான், பிடிமானம் அங்கேதான் குறைகிறது. முன் டயர் உருண்டையாகவே இருப்பதால் முன்பக்கம் சீராகச் சாய, பின்பக்கம் இணங்காமல் நிற்கும்.

தேய்மான மேடு பட்டனின் ஆழத்தைத்தான் சொல்லும், டயரின் வடிவத்தைச் சொல்லாது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு வடிவம்தான் முதலில் போகிறது.

காற்றைக் குறைத்தால் சரியாகுமா என்று டயர் கடையில் கேட்டேன். "தேய்ஞ்ச ரப்பர் திரும்ப வராதுங்கண்ணே, குறைச்சா சூடுதான் ஏறும்" என்றார் கடைக்காரர். அது உண்மைதான். அதிகக் காற்று நடுவை இன்னும் வேகமாகத் தேய்க்கும் என்பதும் உண்மை. கம்பெனி சொன்ன அளவைவிட மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது என் தவறு.

நடுவில் கெட்டியான ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பரும் உள்ள டயராக மாற்றினேன். முதல் நாள் ஹேண்டிலைத் தொட்டாலே வண்டி சாய்ந்தது, பயமாகவே இருந்தது. பழைய தட்டை டயருக்குக் கை பழகியிருந்ததுதான் காரணம். புது டயரின் வழவழப்பு போக 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினேன்.

இப்போது காற்றைக் குளிர்ந்த டயரில் சரியான அளவுக்கு வைக்கிறேன், வேகம் 85. இந்த டயர் 9,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்கேல் இரண்டு சென்டிமீட்டர்தான் படிகிறது. அடுத்த மாதம் ஏற்காடு போகிறேன், கிளம்பும் முன் மறுபடி அளப்பேன்.