எதைச் சொல்வது, எப்போது சொல்வது: ஒரு லேபிளும் மூன்று வழிகளும்

கிளிநொச்சியில் ஒடியல் மா பொதி செய்து அமெரிக்காவிலுள்ள உறவினரின் கடைக்கு அனுப்பும் ஒருவர், லேபிளையும் இலச்சினையையும் ஒரு வடிவமைப்பாளரிடம் ஒப்படைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பனைமரப் படம் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் உருவானது. அதே கருவி தமிழ் எழுத்துகளின் கொம்பையும் காலையும் சிதைத்துவிட்டதால், பெயரை வடிவமைப்பாளரே வரைந்தார். இதை அவர் சொல்லாமல் விடலாம், விலைச்சிட்டையின் அடியில் பொதுவாக ஒரு வரி எழுதலாம், அல்லது கொட்டேசனிலேயே பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டலாம்.

சொல்லாமல் விடுபவர்கள், எந்த மென்பொருளைப் பாவித்தோம் என்று இதுவரை எவரும் கேட்டதில்லையே என்பார்கள். படத்தின் பின்புலத்தை நீக்குவதற்கும் எழுத்துப்பிழை பார்ப்பதற்கும் அந்த வாதம் போதும். நூல்களைத் தாமே வெளியிடுவோருக்கான அமேசானின் கே.டி.பி. தளமும் கருவி உருவாக்கியதை அறிவிக்கச் சொல்கிறது. கருவியின் துணையோடு ஆசிரியர் திருத்தியதை அறிவிக்கச் சொல்வதில்லை. பனைமரப் படம் முதல் வகையைச் சேர்ந்தது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் என்று ஒரு மனிதரையே கருதுகிறது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் 2023இல் ஒரு படக்கதை நூலின் எழுத்துக்கும் அமைப்புக்கும் பாதுகாப்பளித்து, கருவி உருவாக்கிய படங்களுக்கு அதை மறுத்தது. ஆகவே, நாளை இன்னொருவர் அந்தப் பனைமரத்தை அப்படியே எடுத்துப் போட்டால், பதிப்புரிமையைக் காட்டித் தடுப்பது கடினம். இலச்சினை முழுவதும் தனக்கே உரியது என்று நம்பிப் பணம் கொடுத்தவர் அதை அப்போதுதான் அறிவார்.

விலைச்சிட்டையின் அடியில் 'கருவிகள் பயன்படுத்தப்பட்டிருக்கலாம்' என்று எழுதுவது, என் பார்வையில், எழுதியவரை மட்டுமே காக்கும். வேலை முடிந்த பிறகு வரும் அந்த வரி எந்தப் பகுதி என்றும் சொல்வதில்லை.

கொட்டேசனில் 'மரப்படம் கருவியால் உருவாக்கப்படும். பெயரெழுத்தும் அமைப்பும் கையால் செய்யப்படும். மரத்தையும் கையால் வரைய வேண்டுமானால் கட்டணம் இவ்வளவு' என்று எழுதினால், வாடிக்கையாளர் தெரிந்தே தெரிவு செய்கிறார். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார் என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் இரண்டு விலைகள் எழுத்தில் இருக்கும்போது அந்தப் பேச்சு எளிதாகிறது. கருவிப் படத்தையே அவர் எடுத்தாலும், பெயரையும் இலச்சினையையும் வர்த்தகக் குறியாகப் பதியுமாறு சொல்லலாம். அந்தப் பாதுகாப்பு வரைந்தவர் யார் என்பதைப் பொறுத்ததல்ல, விற்பனையில் எவருடைய பொருளை அது அடையாளப்படுத்துகிறது என்பதையே பொறுத்தது.

எழுத்து வேலையில் இந்தக் கணக்கு மாறுகிறது. தொண்டு நிறுவனமொன்றின் அறிக்கைக்காக முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் சொன்னவற்றைச் சுருக்கித் தரச் சொன்னால், கருவி எழுதிய வசனங்களைவிட, வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் போகும் பெயர்களும் ஊர்களும்தான் பெரிய விடயம். முடிந்த பின் சொல்வதால் அவை திரும்பி வருவதில்லை. எனவே முதல் பந்தியைக் கருவியில் ஒட்டுவதற்கு முன்பே நிறுவனத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். அது கிடைக்காவிட்டால், அந்த வேலையைக் கருவியின்றியே செய்ய வேண்டும்.